அடுப்படி போர்டில் ஒரு மல்டி பிளக்: படத்தில் தெரிவதும் தெரியாததும்

கேள்வி: பள்ளத்தூர் வீட்டில் அப்பத்தா தனியாக இருக்கிறார்கள். அடுப்படி சுவிட்ச் போர்டைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். ஒரே மல்டி பிளக்கில் இன்டக்‌ஷன் அடுப்பு, மிக்சி, ஃபிரிட்ஜ், ஆர்ஓ மெஷின், போன் சார்ஜர் எல்லாம் தொங்குகின்றன. “பல வருஷமா இப்படித்தான் ஓடுது, ஒரு தடவைகூட எம்சிபி விழுந்ததில்ல” என்கிறார்கள். தீப்பிடிக்கிற ஆபத்து உண்டா? நல்ல எக்ஸ்டென்ஷன் பாக்ஸாக வாங்கி அனுப்பினால் போதுமா? மெயின் போர்டின் படமும் இத்துடன் இருக்கிறது.

பதில்: ஆபத்து உண்டு. பாக்ஸ் போதாது. முதல் வேலையாக அப்பத்தாவுக்குப் போன் போட்டு, இன்டக்‌ஷன் அடுப்பை இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள். கேஸ் அடுப்பு இருக்கிறதல்லவா, சில நாள் அதிலேயே சமைக்கட்டும். மல்டி பிளக்கை அவர்கள் கையால் பிடுங்க வேண்டாம். யாராவது மெயினை அணைத்துவிட்டு, பத்து நிமிடம் ஆறவிட்டுக் கழற்றட்டும்.

இனி படத்தைப் பார்ப்போம். எத்தனை பிளக் தொங்குகிறது என்பது இங்கே பெரிய விஷயமே இல்லை. சார்ஜரும் ஆர்ஓ மெஷினும் சேர்ந்து அரை ஆம்பியர்கூட இழுக்காது. கூடத்து போர்டில் நாலு சார்ஜரும் வைஃபை பெட்டியும் ஒரே மல்டி பிளக்கில் இருந்தால் பார்க்கத்தான் அசிங்கம், பயப்பட ஒன்றுமில்லை. பார்க்க வேண்டியது வாட் கணக்கு. 2000 வாட் இன்டக்‌ஷன் அடுப்பை முழு வேகத்தில் வைத்தால் 230 வோல்ட்டில் 8.7 ஆம்பியர் இழுக்கும். 750 வாட் மிக்சிக்கு 3.3, ஃபிரிட்ஜ் மோட்டார் ஓடும்போது ஏறக்குறைய 0.7, மற்ற இரண்டுக்கும் சேர்த்து 0.3. சாம்பார் கொதிக்கும்போது சட்னியும் அரைத்தால் மொத்தம் 13 ஆம்பியர். அந்த சாக்கெட்டும் அதன் பக்கத்து சுவிட்சும் 6 ஆம்பியருக்குச் செய்தவை. மிக்சியை விட்டுவிட்டாலும், அடுப்பு ஒன்றே அந்த அளவைத் தாண்டிவிடுகிறது.

அந்த அடுப்பு அங்கே நுழைந்த வழியும் படத்தில் தெரிகிறது. அதனுடன் வந்தது 16 ஆம்பியர் பிளக். பின் 7 மில்லிமீட்டர் தடிமன் இருக்கும். 6 ஆம்பியர் பிளக்கின் பின் 5 மில்லிமீட்டர்தான். பெரிய பின் சின்ன ஓட்டையில் போகக்கூடாது என்பதற்காகவே இந்த வித்தியாசத்தை வைத்திருக்கிறார்கள். நடுவில் சொருகியிருக்கும் வெள்ளை கன்வெர்ஷன் பிளக் அந்தத் தடையைத் தாண்ட வைக்கிறது. படத்தில் இருப்பவற்றில் மிக ஆபத்தான பொருள் அதுதான். கழற்றியதும் தூக்கி எறியுங்கள். டிராயரில் போட்டு வைத்தால் மறுபடி வெளியே வரும்.

அடுத்து, சாக்கெட்டின் வலது ஓட்டையைச் சுற்றித் தேயிலைக் கறை போலப் பழுப்பு வளையம் இருக்கிறது, இடது ஓட்டை சுத்தமாக இருக்கிறது. இரண்டு ஓட்டை வழியாகவும் ஓடுவது அதே கரண்ட்தான். வெறும் ஓவர்லோடு என்றால் இரண்டும் ஒரே மாதிரி கறுத்திருக்க வேண்டும். ஒன்று மட்டும் கறுத்திருப்பதால், பின்னைக் கவ்விப் பிடிக்கும் பித்தளைப் பட்டை அந்தப் பக்கம் தளர்ந்துவிட்டது என்று தெரிகிறது. காரணமும் படத்திலேயே உண்டு: மல்டி பிளக் நேராக நிற்கவில்லை, வயர்களின் பாரத்தில் மூக்கு கீழே சாய்ந்து, மேலே நூலளவு இடைவெளி விட்டிருக்கிறது. நாளெல்லாம் இப்படி இழுபட்டால் பட்டையின் பிடி போய்விடும்.

லூஸ் காண்டாக்டில் என்ன நடக்கிறது என்பதைக் கணக்குப் போட்டால் புரியும். தளர்ந்த இடத்தில் மின்தடை 0.1 ஓம் மட்டுமே என்று வையுங்கள். மிக்சி மட்டும் ஓடினால் அங்கே உண்டாகும் வெப்பம் ஏறக்குறைய 1 வாட். 13 ஆம்பியர் ஓடும்போது அது 17 வாட் ஆகிவிடும். கரண்ட் நாலு மடங்கானால் வெப்பம் பதினாறு மடங்காகும் என்பதுதான் இதற்குப் பின்னால் உள்ள கணக்கு. ரேடியோ ரிப்பேர் கடையில் ஈயம் பற்றவைக்கும் இரும்பு 25 வாட். அதில் மூன்றில் இரண்டு பங்குச் சூடு, புளியங்கொட்டை அளவு இடத்தில், பிளாஸ்டிக்கை ஒட்டிக்கொண்டு இருக்கிறது. சூட்டில் பித்தளை கறுத்து, தடை இன்னும் கூடும். தடை கூடினால் சூடு இன்னும் ஏறும். பல வருஷம் ஒன்றும் ஆகாமல் இருந்துவிட்டு ஒரு நாள் சட்டென்று கருகுவது இதனால்தான். அப்பத்தாவிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள்: மீன் வாங்காத நாளில் அடுப்படியில் மீன் கவுச்சி அடித்ததுண்டா? போர்டு சாமான்களில் வரும் சிலவகை பிளாஸ்டிக் சூடேறினால் அச்சு அசலாக அந்த வாடைதான் வரும். அடித்தது என்றால் எலக்ட்ரீஷியன் வரும்வரை அந்த போர்டையே அணைத்து வையுங்கள்.

எம்சிபி விழாததை நல்ல சகுனமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். லூஸ் காண்டாக்டை எம்சிபியால் உணர முடியாது. அதற்குத் தெரிவது தன் வழியே ஓடும் கரண்டின் அளவு மட்டும். 13 ஆம்பியர் குளிர்ந்த இடத்தில் ஓடினாலும் கருகும் இடத்தில் ஓடினாலும் அதற்கு ஒன்றுதான். அதோடு மெயின் போர்டு படத்தில் அடுப்படி லைனுக்கு இருப்பது ‘சி32’. அதாவது 32 ஆம்பியர். சின்னது அடிக்கடி விழுகிறது என்று யாரோ பெரிதாக மாற்றியிருக்கக் கூடும். 13 ஆம்பியருக்கு அது கண்ணைக்கூடத் திறக்காது. வயர் 1 ஸ்கொயராக, அதாவது செம்பின் குறுக்குவெட்டு 1 சதுர மில்லிமீட்டராக இருந்தால், எம்சிபி விழுவதற்கு வெகு முன்பே வயர்த் தோல் உருகத் தொடங்கும்.

அந்த வயரைப் பற்றிப் படம் எதுவும் சொல்லாது. செட்டிநாட்டு வீட்டில் இது முக்கியம். மீட்டர் முகப்பில், அடுப்படி கடைசிக் கட்டில். நடுவில் வளவு முற்றத்தைச் சுற்றி வயர் போகும் தூரம் 30 மீட்டர் இருந்தால் ஆச்சரியமில்லை. போய்வர 60 மீட்டர். 1 ஸ்கொயர் செம்பு வயரானால் 13 ஆம்பியரில் 14 வோல்ட் வழியிலேயே போய்விடும். குண்டு பல்பு இருந்த காலத்தில் அடுப்பு போட்டதும் வெளிச்சம் மங்கிக் காட்டிக்கொடுத்திருக்கும். இப்போதைய எல்இடி பல்பு அந்தக் குறைவை வெளியே காட்டாது. மரப்பட்டியில் அடித்த ரப்பர் வயர் இன்னும் இருந்தால் அதன் தோல் தொட்டால் உதிரும். அந்த வயரில் புதிதாக எதையும் சேர்க்க வேண்டாம். எர்த்தும் படத்தில் தெரியாது. மேல் ஓட்டை இருப்பதாலேயே அதற்குப் பின்னால் பச்சை வயர் இருப்பதாக அர்த்தமில்லை. எலக்ட்ரீஷியன் மீட்டர் வைத்து பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே பார்த்தால் 230 ஒட்டி வரவேண்டும். சிலர் நியூட்ரலையே எர்த்தில் கோத்துவிடுவார்கள், அப்போதும் 230தான் காட்டும். அதனால் போர்டைத் திறந்து பச்சை வயர் எங்கே போகிறது என்று கண்ணால் பார்க்கச் சொல்லுங்கள்.

இதனால்தான் பாக்ஸ் வேண்டாம் என்றது. எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் அதன் பிளக் அதே தளர்ந்த 6 ஆம்பியர் ஓட்டைக்குள்தான் போகும். கருகும் இடம் அப்படியே இருக்கும்.

செய்ய வேண்டியது, அடுப்புக்கென்று தனி லைன். மெயினிலிருந்து 2.5 ஸ்கொயர் செம்பு வயர் மூன்று (பேஸ், நியூட்ரல், பச்சை எர்த்), அதற்கு 16 ஆம்பியர் எம்சிபி, அடுப்படியில் 16 ஆம்பியர் சுவிட்சும் சாக்கெட்டும். 30 மீட்டர் தூரத்துக்கு ஒவ்வொரு நிறத்திலும் 30 மீட்டருக்குச் சற்றுக் கூடவே வாங்க வேண்டும். நடுவில் ஒட்டுப்போடாமல் ஒரே வயராகப் போவது நல்லது. இந்த லைனில் 8.7 ஆம்பியர் ஓடினால் 4 வோல்ட்தான் குறையும். வயரைப் பதிக்க முட்டைவெள்ளை போட்டு மெருகேற்றிய சுண்ணாம்புச் சுவரை வெட்டவிடாதீர்கள். வெட்டினால் அந்தப் பூச்சைத் திரும்பக் கொண்டுவரும் கொத்தனார் கிடைப்பது அரிது. சுவர் உச்சியில், உத்திரத்தை ஒட்டி பிவிசி கேசிங்கில் கொண்டுபோனால் கண்ணுக்கும் உறுத்தாது.

பழைய போர்டில் கறுத்த சாக்கெட்டையும் அதன் சுவிட்சையும் சேர்த்தே மாற்றுங்கள். சாக்கெட்டில் ஓடிய அதே கரண்ட் சுவிட்சிலும் ஓடியிருக்கிறது. ஃபிரிட்ஜுக்கு ஒரு சாக்கெட், மிக்சிக்கு ஒன்று, ஆர்ஓவுக்கும் சார்ஜருக்கும் ஒன்று என மூன்று 6 ஆம்பியர் சாக்கெட் வைத்தால் மல்டி பிளக்குக்கே வேலையில்லை. அந்த லைன் வயர் 1.5 ஸ்கொயர் என்று உறுதியானால் ‘சி32’ஐ எடுத்துவிட்டு 10 ஆம்பியர் போடலாம். 1 ஸ்கொயர் என்றால் 6 ஆம்பியர். மெயினில் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி இல்லையென்றால் இதே கையோடு போட்டுவிடுங்கள். தனியாக இருக்கும் பெரியவர்களுக்கு ஷாக்கிலிருந்து பாதுகாப்பு அது. ஆனால் ஓவர்லோடையும் லூஸ் காண்டாக்டையும் அது தடுக்காது.

சாமான் வாங்கும்போது பிளக், சாக்கெட்டில் ஐஎஸ்ஐ முத்திரையும் ஐஎஸ் 1293 என்ற எண்ணும், கீழே சிஎம்/எல் என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த உரிம எண்ணை பிஐஎஸ் கேர் செயலியில் போட்டால் அது யாருடையது, இன்னும் நடப்பில் இருக்கிறதா என்று வரும். கையில் ஒரு சின்னக் காந்தம் இருந்தால் பின்னில் வைத்துப் பாருங்கள். ஒட்டினால் அது முலாம் பூசிய இரும்பு. கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பித்தளையில் காந்தம் ஒட்டாது.

வேலை முடிந்து போர்டை மூடுவதற்கு முன் உள்பக்கத்தை ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். செம்பு இழைகள் வெட்டுப்படாமல் முழுதும் ஸ்க்ரூவுக்குள் போயிருக்க வேண்டும், வெளியே செம்பு நீட்டிக்கொண்டு இருக்கக் கூடாது, சாக்கெட்டின் மேல் முனையில் பச்சை வயர் இருக்க வேண்டும். அதன்பின் அடுப்பை 20 நிமிடம் முழு வேகத்தில் ஓடவிட்டு, சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, புறங்கையைப் பின்னருகே கொண்டுபோகட்டும். இளஞ்சூடு என்றால் சரி. கையை இழுத்துக்கொள்ளும்படி சுட்டால் ஸ்க்ரூவை இன்னொரு முறை முறுக்கச் சொல்லிவிட்டுத்தான் கூலியைக் கொடுக்க வேண்டும்.