லிஃப்டில் எடை கூடுமா: ஆங்கில விரிவுரையைத் தமிழ்க் குறிப்பாக்குவது

கேள்வி: ஒரு ஆங்கில இயற்பியல் விரிவுரையின் டிரான்ஸ்கிரிப்ட் என்னிடம் இருக்கிறது. தமிழ் வழியில் பதினொன்றாம் வகுப்பு படிக்கும் பிள்ளைகளுக்கு அதைச் சுருக்கிக் குறிப்பாகத் தர வேண்டும். வரிக்கு வரி மொழிபெயர்த்துக் கொடுத்தேன், யாருக்கும் புரியவில்லை. எப்படிச் செய்வது?

மாலை டியூஷனில் தமிழ் வழிப் பிள்ளைகளுக்கு இயற்பியல் எடுக்கிறேன். சில வருடங்களாக இந்த வேலையையும் செய்துவருகிறேன். நான் தவறு செய்து கற்றுக்கொண்ட ஒரு விரிவுரையை வைத்தே சொல்கிறேன்.

ஐம்பது நிமிட விரிவுரை அது. எடை பார்க்கும் மெஷின் மேல் ஒருவர் நிற்கிறார், மெஷின் லிஃப்டுக்குள் இருக்கிறது. லிஃப்ட் நகரும்போது மெஷின் என்ன காட்டும் என்பதுதான் முழுப் பேச்சும். டிரான்ஸ்கிரிப்ட் ஏழாயிரம் வார்த்தைக்கு மேல் போனது. அதைச் சுருக்கும்போது, 'லிஃப்ட் மேலே போகும்போது எடை கூடும், கீழே வரும்போது குறையும்' என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். அழகான, சின்ன வாக்கியம். ஆனால் தவறு.

அடுத்த வாரம் ஒரு மாணவி கேட்டாள்: "சார், அஞ்சாவது மாடி வந்து நிக்கப்போகுதே, அப்ப உடம்பு லேசான மாதிரி இருக்கு. மேலதானே போய்க்கிட்டு இருக்கு?" அவள் அனுபவம் சரி, என் குறிப்புதான் தப்பு. திரும்பப் போய் டிரான்ஸ்கிரிப்ட்டைப் பார்த்தேன். பேராசிரியர் ஒவ்வொரு முறையும் 'மேல்நோக்கி முடுக்கம் இருந்தால்' என்றுதான் சொல்லியிருந்தார். 'முடுக்கம்' என்ற ஒரு சொல்லை நான் சுருக்கும்போது தூக்கிவிட்டேன்.

விரிவுரையைச் சுருக்கும்போது முதலில் காணாமல் போவது நிபந்தனைதான். உதாரணம், பேச்சு, கதை இவற்றை வெட்டலாம். 'எப்போது' 'எது மாறாமல் இருந்தால்' என்பதை வெட்டினால் மிச்சம் இருப்பது வேறொரு கூற்று. இதில் தமிழ் நமக்குக் கைகொடுக்கும். ஆங்கிலத்தில் முடிவைச் சொல்லிவிட்டு நிபந்தனையைப் பின்னால் தொங்கவிடுவார்கள், சுருக்குபவர் வாலைத்தான் முதலில் வெட்டுவார். தமிழில் நிபந்தனை முன்னால் வந்து நிற்கும். இப்போது அந்த வரியை இப்படி எழுதுகிறேன்: 'லிஃப்ட் எந்தத் திசையில் போனாலும் சரி, அதன் முடுக்கம் மேல்நோக்கி இருந்தால் மெஷின் கூடுதலாகக் காட்டும்; கீழ்நோக்கி இருந்தால் குறைவாகக் காட்டும்; முடுக்கமே இல்லாமல் சீராகப் போனால் நிற்கும்போது காட்டியதையே காட்டும்.' மூன்று மடங்கு நீளம்தான். ஆனால் இதைப் படித்த பிள்ளை அஞ்சாவது மாடிக் கேள்விக்குத் தானே பதில் சொல்லிவிடும்: ஏறிக்கொண்டே வேகம் குறைகிறது, ஆகவே முடுக்கம் கீழ்நோக்கி.

அதன் கீழ் ஒரு கணக்கைப் போடுங்கள், விரிவுரையில் பத்துக் கணக்கு இருந்தாலும் ஒன்று போதும். நிறை 60 கிலோகிராம், g-க்கு 10, லிஃப்டின் முடுக்கம் 2 என்று வைத்துக்கொள்ளுங்கள். மேல்நோக்கி முடுக்கம் என்றால் N − mg = ma. ஆகவே N = 60 × 12 = 720 நியூட்டன். கீழ்நோக்கி என்றால் 60 × 8 = 480. சீராகப் போனால் 600. கயிறு அறுந்து விழுந்தால் சுழி. பேராசிரியர் 9.8 என்று போட்டிருந்தார். எண்களை நான் எளிமையாக்கி, எல்லாக் கணக்கையும் நானே திரும்பப் போட்டுப் பார்த்தேன். அதில் இன்னொரு பிழையும் சிக்கியது. ஒரு இடத்தில் அவர் குறியை மாற்றிச் சொல்லிவிட்டு, ஒரு நிமிடம் கழித்துத் திருத்துகிறார். முதல் வரியோடு குறிப்பெடுப்பவர் தப்பை எடுத்துக்கொண்டு போய்விடுவார். அதனால் டிரான்ஸ்கிரிப்ட்டை முழுக்கப் படித்து முடிக்காமல் ஒரு வரிகூட எழுதாதீர்கள். 'இது அதைவிடப் பெரிது, பாருங்கள்' என்று கரும்பலகையைக் காட்டிப் பேசும் இடங்களில் எழுத்தை நம்பிப் பயனில்லை. அந்த நிமிடத்துக்கு வீடியோவை ஓட்டி, பலகையில் இருப்பதைப் படமாகவே வரைந்துகொள்ளுங்கள்.

அடுத்தது கலைச்சொல். உங்களுக்குப் பிடித்த தமிழ்ச் சொல் வேண்டாம், பிள்ளையின் பாடநூலில் உள்ள சொல்தான் வேண்டும். அதுதான் தேர்வில் வரும். நான் தமிழ்நாட்டுப் பாடநூலின் தமிழ் வழிப் பதிப்பையும் ஆங்கில வழிப் பதிப்பையும் ஒரே பாடத்தில் பக்கத்துப் பக்கமாகத் திறந்துவைத்துக்கொள்வேன். பிரிவுகளின் வரிசை ஒன்றாகவே இருப்பதால் எந்தச் சொல்லுக்கு எது என்று நேரே கிடைத்துவிடும். இந்த விரிவுரைக்கு எனக்குத் தேவைப்பட்டவை பத்துக்கும் குறைவு: நிறை, எடை, தோற்ற எடை, முடுக்கம், திசைவேகம், செங்குத்து விசை, தடையின்றி விழுதல். 'நார்மல் ஃபோர்ஸ்' என்பதைச் 'சாதாரண விசை' என்று எழுதிய குறிப்பை நான் பார்த்திருக்கிறேன். அங்கே 'நார்மல்' என்றால் பரப்புக்குச் செங்குத்து. இந்தச் சொற்களைத் தனித்தாளில் எழுதிவைத்துவிட்டு, குறிப்பு முழுக்க அவற்றையே பயன்படுத்துங்கள். நடைக்காக ஒரு இடத்தில் 'எடை', இன்னொரு இடத்தில் 'பாரம்' என்று மாற்றினால், இவை இரண்டு வேறு அளவுகள் என்று பிள்ளை நினைத்துக்கொள்ளும். கல்லூரியில் பயன்படட்டும் என்று ஆங்கிலச் சொல்லை ஓரத்தில் ஒரு முறை மட்டும் எழுதுகிறேன்.

உங்கள் குறிப்பு இலங்கை மாணவர்களுக்கும் போகும் என்றால் மிகக் கவனம். நம் 'நிறை' அவர்களுக்குத் 'திணிவு'. அவர்களின் 'நிறை'தான் நம் 'எடை'. நம் முடுக்கம் அங்கே ஆர்முடுகல், நம் திசைவேகம் அங்கே வேகம், நம் வேகம் அங்கே கதி. இந்தப் பாடமே நிறைக்கும் எடைக்கும் உள்ள வேறுபாட்டில் நிற்பதால், 'லிஃப்டில் நிறை மாறாது' என்ற நம் வரி யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு நேர்மாறான பொருளைத் தந்துவிடும். அவர்களுக்குத் தனிப் பிரதி எழுதுவதே நல்லது.

பேராசிரியர்களின் பேச்சுவழக்கும் கவனிக்க வேண்டியது. விரிவுரையின் கடைசிப் பகுதியில் விண்வெளி நிலையத்தைப் பற்றி வரும்போது, ஆங்கிலத்தில் 'ஸீரோ கிராவிட்டி' என்று பழக்கத்தில் சொல்லிவிடுகிறார்கள். 'அங்கே ஈர்ப்பு இல்லை' என்று நாம் எழுதினால் தவறான அறிவியலைக் கற்றுக்கொடுத்ததாகிவிடும். சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் g-யின் மதிப்பு ஏறக்குறைய 8.7, தரையில் இருப்பதில் பத்தில் ஒன்பது பங்கு. நிலையமும் உள்ளே இருப்பவரும் சேர்ந்தே விழுந்துகொண்டிருப்பதால் மெஷின் சுழி காட்டுகிறது, கயிறு அறுந்த லிஃப்ட் போலவே. நான் 'எடையற்ற நிலை' என்று எழுதி, 'ஈர்ப்பு இருக்கிறது, தாங்கும் செங்குத்து விசைதான் இல்லை' என்று ஒரு வரி சேர்க்கிறேன். அந்த வரி டிரான்ஸ்கிரிப்ட்டில் இல்லை. ஆனாலும் வேண்டும்.

எழுதும்போது டிரான்ஸ்கிரிப்ட்டை மூடிவிடுங்கள். கண் முன்னால் இருந்தால் ஆங்கில வாக்கியம் தமிழ் எழுத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும், உங்கள் முதல் முயற்சியில் யாருக்கும் புரியாமல் போனதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். சொற்பட்டியலும் வரைந்த படமும் மட்டும் பக்கத்தில் இருக்கட்டும். எதிரே ஒரு பிள்ளை உட்கார்ந்திருப்பதாக வைத்து எழுதி முடித்துவிட்டு, பிறகு திறந்து நிபந்தனைகளை மட்டும் ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். என் குறிப்பு கடைசியில் நான்கு பக்கம் வந்தது.

வீடியோவைப் பார்க்காத ஒரு மாணவரிடம் அதைக் கொடுத்து, இறங்கும் லிஃப்ட் தரைத்தளத்தில் நிற்கப்போகும்போது மெஷின் என்ன காட்டும் என்று கேளுங்கள். 480 என்றால், 'இறங்குகிறது' என்பதை வைத்துச் சொல்கிறார், உங்கள் வாக்கியத்தில் முடுக்கம் இன்னும் தெளிவாகவில்லை. அந்தப் பத்தியை மாற்றி எழுதுங்கள். 720 என்று காரணத்தோடு சொன்னால் நகலெடுக்கக் கொடுக்கலாம்.