சாய்த்த குழாயில் பாதரசம்: சுங்கை சிப்புட் வாத்தியார் பதில்கள்

ஆறாம் படிவ மாணவி: ஐயா, இரு முனையும் மூடிய 50 செ.மீ. குழாய், நடுவில் 10 செ.மீ. பாதரசம். கிடையாக இருக்கும்போது இருபுறக் காற்றும் 12 செ.மீ. பாதரச அழுத்தம். தரையிலிருந்து 30 பாகை சாய்த்தால் கீழ்க்காற்றின் நீளம் என்ன? எனக்கு 2.96 வருகிறது.

மேலே வெளிக்காற்றின் அழுத்தமான 76ஐக் கூட்டிவிட்டாய், மகளே. அது வாய் திறந்த குழாய்க்கு. இங்கே மேல்காற்றும் அடைபட்டதுதான். பாதரசம் இறங்க இறங்க அது விரிந்து தளரும், கீழ்க்காற்று நெருங்கி இறுகும். பாதரசம் x இறங்கினால் கீழ்நீளம் 20−x, மேல்நீளம் 20+x. அழுத்தத்தை நீளத்தால் பெருக்கினால் இருபுறமும் 12×20, அதாவது 240. கீழழுத்தம் மேலழுத்தத்தைவிட எவ்வளவு அதிகம்? பாதரசத்தின் செங்குத்து உயரம், 10×sin 30°, அதாவது 5.

```
240/(20−x) − 240/(20+x) = 5
x² + 96x − 400 = 0
```

x = 4 அல்லது −100. குழாயே 50 செ.மீ. என்பதால் இரண்டாவதைத் தள்ளிவிடு. கீழே 16 செ.மீ., அழுத்தம் 15. மேலே 24 செ.மீ., அழுத்தம் 10. வேறுபாடு 5 வருகிறதா? வந்தால் கணக்குச் சரி.

பழைய மாணவன்: பாதரசம் 10 செ.மீ. என்றால் வேறுபாடும் 10தானே, சார்?

குழாய் நிமிர்ந்து நின்றால் மட்டும். நீளம் வேறு, உயரம் வேறு.

லாரி ஓட்டுநர்: வீட்டில் பழைய இரத்த அழுத்தக் கருவி இருக்கிறது. அதிலுள்ள பாதரசத்தைப் பிள்ளைக்கு எடுத்துக் கொடுக்கலாமா, வாத்தியாரே?

கூடாது, அண்ணே. அதன் ஆவி நஞ்சு. கருவியைத் திறக்கவே வேண்டாம்.

இன்னொரு மாணவன்: கேள்வியில் செங்குத்திலிருந்து 30 பாகை என்றிருந்தால்?

10×cos 30°, அதாவது 8.66. கோணம் எதிலிருந்து என்று பார்க்காமல் பேனாவைத் தொடாதே.

ஆய்வுக்கூட உதவியாளர்: உங்கள் 16 ஏட்டுச் சுரைக்காய். எங்கள் குழாயில் 16.4 வந்தது. திரும்பக் கிடத்தினால் பாதரசம் நடுவுக்கும் வரவில்லை.

கீழ்க்காற்று மேலே கசிந்திருந்தால் 16க்குக் குறைவாக வந்திருக்கும். ஆகவே கண்ணாடியில் பாதரசம் பிடித்து நிற்கிறது என்பது என் சந்தேகம். விரலால் மெதுவாகத் தட்டுங்கள். பிறகு எதிர்ப்பக்கம் சாய்த்துக் கிடத்துங்கள். பாதரசம் இப்போது நடுவுக்கு அந்தப் பக்கம் நின்றால் ஒட்டல். பழைய பக்கமே நின்றால் கசிவு. கீழ்ப்பாதியைக் கையால் பிடித்திருந்தாலும் சூட்டில் காற்று விரிந்து நீளம் கூடும்.

அவரே: மேல்முனையைத்தான் பிடித்திருந்தோம். தட்டியும் பார்த்தோம், 16.3க்குத்தான் இறங்கியது.

தட்டி நகர்ந்ததே ஒட்டலுக்குச் சாட்சி. மீதி 0.3 எங்கிருந்து வந்தது என்பதைக் குழாயைப் பார்க்காமல் சொல்ல மாட்டேன்.

ஐந்தாம் படிவ மாணவன்: சார், வேறுபாடு 10தானே?

மேலே இரண்டாவது பதில்.