ஓடிபி தானா நிரம்பல, போன்ல கேக்கறாங்க

"ஐபோன்ல ஓடிபி மெசேஜ் வருது, ஆனா கீபோர்டு மேல காட்டல. கஸ்டமர் கேர்னு ஒருத்தர் கூப்பிட்டு நம்பர சொல்லுங்க, நாங்களே போட்டுக்கறோம்ங்கறார், சொல்லலாமா?"

சொல்லவே சொல்லாதீங்க, உடனே கட் பண்ணுங்க. அந்த நம்பர அனுப்பினதே பேங்க் சிஸ்டம்தான், அதை உங்ககிட்ட கேக்க அவங்களுக்கு அவசியமே இல்ல. கேக்கறவர் உங்க அக்கவுண்ட்ல பாதி தூரம் உள்ள வந்துட்டு அந்த ஆறு இலக்கத்துக்காக காத்துட்டு இருக்கார்னுதான் அர்த்தம்.

காட்டாததுக்கு ஒரு காரணம், நீங்க நிக்கற சைட்டே வேறயா இருக்கலாம். மெசேஜோட கடைசி வரிய பாருங்க, இப்படி இருக்கா?

```
@example.com #482913
```

இருந்தா அந்த கோட் example.com-க்கு மட்டும்தான், அட்ரஸ் பார்ல வேற பேர்னா போன் எடுத்துக் குடுக்காது, நீங்களும் கையால அடிக்காதீங்க. அந்த சைட்டுக்கு ஏதாவது லிங்க் வழியா வந்திருந்தா, அத யார் அனுப்பினதுன்னும் பாருங்க.

ஆனா நிறைய பேங்க் இந்த வரிய அனுப்பறதில்ல, அப்போ போலி சைட்லயும் கோட் தானா வந்து நிக்கும், அட்ரஸ நீங்கதான் படிச்சுப் பாக்கணும்.