ஒற்றைப்படை எண்களும் மூலைமட்டமும்: கேள்வி பதில்

1-இலிருந்து ஒற்றைப்படை எண்களை வரிசையாகக் கூட்டினால் எப்போதும் ஒரு வர்க்கம்தான் வரும்: 1+3=4, 1+3+5=9. இந்த விதியைப் புளியங்கொட்டைகளைச் சதுரமாக அடுக்கிப் பார்ப்போம்.

ஏழாம் வகுப்புப் பையனின் அம்மா: 3×3 சதுரத்தைப் பெரிசாக்க வலப்பக்கம் 4, கீழே 4, மொத்தம் 8 புளியங்கொட்டை வேணும்ங்கிறான். புத்தகத்தில் 7 இருக்கு. எது சரி?

ஏழுதான். அவன் மூலைக் கொட்டையை இரண்டு தடவை எண்ணிவிட்டான். வலப்பக்கம் 3, கீழே 3 வைக்கச் சொல்லுங்கள். கீழ் வலது மூலையில் ஒரு பள்ளம் தெரியும். அதை அடைக்க ஒரே ஒரு கொட்டை போதும். எத்தனையாவது தடவை வைத்தது என்று எண் போட்டுப் பார்த்தால் இப்படி வரும்:

```
1 2 3 4
2 2 3 4
3 3 3 4
4 4 4 4
```

ஒரு 1, மூன்று 2, ஐந்து 3, ஏழு 4. ஒவ்வொரு எண்ணும் தச்சரின் மூலைமட்டம் போல வளைந்து நிற்கிறது பாருங்கள். பழைய கிரேக்கர்கள் இந்த வடிவத்துக்கும் மூலைமட்டத்துக்கும் நோமோன் என்று ஒரே பெயர்தான் வைத்திருந்தார்கள்.

கல்லூரி மாணவர்: நூறு வரிசை வரை கம்ப்யூட்டரில் சரிபார்த்துட்டேன். இதுவே நிரூபணம்தானே?

இல்லை தம்பி. நூற்றியோராவது வரிசையைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. படத்தின் பலம் வேறு இடத்தில் இருக்கிறது. பக்கத்துக்கு n கொட்டை உள்ள எந்தச் சதுரத்தை எடுத்தாலும் வலப்பக்கம் n, கீழே n, மூலையில் 1, ஆக 2n+1 வேண்டும். பக்கம் ஒன்று கூடினால் வலப்பக்கமும் கீழேயும் ஆளுக்கு ஒன்று கூடும், மூலை மட்டும் ஒன்றாகவே நிற்கும். அதனால் அடுத்த மூலைமட்டத்துக்கு எப்போதும் இரண்டு கொட்டை அதிகம் தேவை. 1-க்கு அப்புறம் 3, 5, 7 என்று ஒற்றைப்படை எண்கள் ஒன்றுகூட விடுபடாமல் வருவது இதனால்தான்.

போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்: 1+3+5+…+99, விடை 99-இன் வர்க்கம் 9801 தானே?

2500. கடைசி எண்ணை வர்க்கப்படுத்தக் கூடாது. எத்தனை மூலைமட்டம் என்பதுதான் சதுரத்தின் பக்கம். 99-உடன் 1 கூட்டிப் பாதியாக்கினால் 50. 1+3+5 கூட்டி 9 வருகிறதா, 25 வருகிறதா என்று பார்த்தால் தவறு உடனே பிடிபடும்.

இன்னொருவர்: 3+5+7=15. வர்க்கம் இல்லையே, அப்போ விதி தப்பா?

நீங்கள் முதல் கொட்டையை விட்டுவிட்டீர்கள். மேல் இடது மூலை காலியான 4×4 சதுரம்தான் உங்கள் 15. தொடக்கம் 1-ஆகத்தான் இருக்க வேண்டும்.

கணித ஆசிரியர்: படம் வெறும் விளக்கம்தான். முதல் எண்ணுக்குச் சரி, ஓர் எண்ணுக்குச் சரியென்றால் அடுத்ததற்கும் சரி என்று காட்டும் தொகுத்தறிதலை எழுதினால்தான் அதை நிரூபணம் என்பேன்.

பாதி ஒத்துக்கொள்கிறேன், ஐயா. 4×4 படத்தோடு நிறுத்தினால் அது உதாரணம் மட்டுமே. ஆனால் "எந்தச் சதுரத்துக்கும் 2n+1" என்று சொன்ன இடத்தில் ஒரு சதுரத்திலிருந்து அடுத்த சதுரத்துக்குப் போகும் தொகுத்தறிதல் படிநிலை வந்துவிடுகிறது. 1575-இல் அச்சான இத்தாலியக் கணித அறிஞர் மௌரோலிக்கோவின் நூலிலும் ஒரு வர்க்கத்தோடு அடுத்த ஒற்றைப்படை எண்ணைக் கூட்டினால் அடுத்த வர்க்கம் என்ற வழிதான் இருக்கிறது. அந்தப் படிநிலையைக் கண்ணால் பார்த்தவர் எழுதியும் காட்ட வேண்டுமா என்பதில் நீங்களும் நானும் ஒத்துப்போகப் போவதில்லை.