அறிமுகக் குறிப்பு ஊர்க்காரர்களுக்கும் புரிய

“‘நீலகிரி உயர்மலைப் புல்வெளிகளில் அயல் தாவரப் பரவலின் நீரியல் விளைவுகளை ஆய்பவர்’ என்று என் குறிப்பு தொடங்குகிறது. பொதுமக்களுக்கு எப்படி மாற்றுவது?”

வணக்கம். கண்ணுக்குத் தெரிவதிலிருந்து தொடங்குங்கள். அயல் தாவரம் என்றால் யாருக்கும் பிடிபடாது, சீகை மரம் என்றால் ஊட்டியில் எல்லோருக்கும் தெரியும். நான் இப்படி எழுதுவேன்:

“வெள்ளைக்காரர் காலத்தில் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சீகை மரம், நீலகிரிப் புல்வெளிகளில் பரவிவருகிறது. அதனால் ஓடைகளில் தண்ணீர் கூடுகிறதா, குறைகிறதா என்று அளந்து பார்க்கிறேன்.”

பட்டமும் நிறுவனமும் அடுத்த வரியில் வரட்டும். ஒன்றில் மட்டும் கவனம். எளிமைக்காக “சீகை ஓடைகளை வற்றவைக்கிறது” என்று எழுதிவிடாதீர்கள், அது ஆய்வின் கேள்வியையே முடிவாக்கிவிடும். எழுதியதை காய்கறிக் கடை அக்காவிடம் வாசித்துக் காட்டி, திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். “மரம் வெட்டுறவரா?” என்று கேட்டால், தண்ணீரை முதல் வரிக்குக் கொண்டுவாருங்கள்.