தாவலையும் சாய்வையும் s-இலேயே படிப்பது எப்படி?

கேள்வி: லீட் காம்பன்சேட்டர் 5(s+2)/(s+10). யூனிட் ஸ்டெப் கொடுத்தால் வெளியீடு எங்கே தொடங்கும், எந்தச் சாய்வில் போகும்? சாய்வுக்கு s²Y(s) போட்டால் முடிவிலி வருகிறது. எங்கே தவறு?

பதில்: கணக்குப் போட்டதில் தவறில்லை, தாவலைக் கழிக்க மறந்துவிட்டீர்கள், அவ்வளவுதான்.

ஸ்டெப்புக்கு Y(s) = 5(s+2)/[s(s+10)]. இதை s-ஆல் பெருக்கி, s-ஐ முடிவிலிக்குக் கொண்டுபோனால் மேலும் கீழும் உள்ள பெரிய அடுக்குகள் மட்டும் மிஞ்சும். தொடக்க மதிப்புத் தேற்றப்படி விடை 5. அதாவது t = 0 ஆன மறுகணமே வெளியீடு 0-இலிருந்து 5-க்குத் தாவிவிடுகிறது.

அந்தத் தாவலின் வகைக்கெழு ஓர் இம்பல்ஸ். s²Y(s)-இல் நீங்கள் பார்த்த முடிவிலி அதுதான். நமக்கு வேண்டியது தாவி முடித்த பிறகு உள்ள சாய்வு. எனவே sY(s)-இலிருந்து 5-ஐக் கழித்துவிட்டு, மறுபடி s-ஆல் பெருக்குங்கள்:

```
s[sY(s) − 5] = −40s/(s+10) → −40
```

ஆக, வெளியீடு 5-இல் தொடங்கி, வினாடிக்கு 40 என்ற வேகத்தில் இறங்குகிறது. சரிபார்க்க வேண்டுமா? பகுதிப் பின்னமாக்கினால் y(t) = 1 + 4e^(−10t). t = 0-இல் மதிப்பு 5, சாய்வு −40.

இரண்டையும் ஒரே மூச்சில் எடுக்க நீள்வகுத்தல் போதும். எனக்குப் பிடித்த வழியும் அதுதான். தொகுதியைப் பகுதியால் இறங்கு அடுக்கில் வகுத்தால் 5/s − 40/s² + 400/s³ − … என்று வரும். முதல் கெழு தாவல், இரண்டாவது சாய்வு, மூன்றாவது இரண்டாம் வகைக்கெழு.

சிமுலேஷனில் ஒப்பிடும்போது கவனம். 0.01 வினாடி இடைவெளி வைத்தால் அடுத்த புள்ளி 4.62, சாய்வு சுமார் −38 எனத் தெரியும். 0.1 வினாடி வைத்தால் 2.47-க்கு இறங்கிவிடும், சாய்வு −25 போலக் காட்டும். தேற்றம் சொல்வது அந்தக் கணத்துச் சாய்வு. இடைவெளியின் சராசரியை அல்ல.

அப்புறம், Y(s)-இல் தொகுதியின் படி பகுதியின் படியைவிடக் குறைவாக இருக்க வேண்டும். (s+2)/(s+1) போல இரண்டும் சமமானால் sY(s) முடிவிலிக்குப் போகும். முதலில் வகுத்து 1 + 1/(s+1) ஆக்குங்கள்; அந்த 1 ஓர் இம்பல்ஸ், மீதிக்குத் தேற்றத்தைப் போட்டால் y(0+) = 1.

இறுதி மதிப்புத் தேற்றத்தைப் போல இங்கே நிலைத்தன்மையைப் பார்க்கத் தேவையில்லை. 1/(s−2) என்ற வெளியீடு வளர்ந்துகொண்டே போனாலும், அதன் தொடக்க மதிப்பு 1 என்பது சரியான விடைதான்.