MSCU என்றால் எந்த நாடு?

"புறக்கோட்டைக் கடைக்கு வந்த கொண்டெய்னரில் MSCU என்று இருக்கிறது. சாமான் எந்த நாட்டிலிருந்து வந்தது?"

முதல் மூன்று எழுத்தும் பெட்டியின் சொந்தக்காரரைக் குறிப்பவை. பாரிஸில் உள்ள BIC அமைப்பு அவற்றைப் பதிவுசெய்கிறது. கடைசி U, இது சரக்குக் கொண்டெய்னர் என்று மட்டும் சொல்கிறது. MSC கப்பல் நிறுவனத்தின் தலைமையகம் ஜெனீவாவில் இருக்கிறது, அதற்காகச் சாமான் சுவிட்சர்லாந்துடையது ஆகிவிடாது. அதே பெட்டி ஒருமுறை ஷாங்காயில் ஏறும். அப்புறம் சிட்டகொங்கில் உடுப்பு ஏற்றிக்கொண்டு கொழும்பில் கப்பல் மாறும். TGHU என்றால் இன்னும் சிக்கல். அது வாடகைக்கு விடும் நிறுவனத்தின் பெட்டி, எந்தக் கப்பல் கம்பெனி கொண்டுவந்தது என்றுகூட எழுத்து சொல்லாது.

கப்பல் கம்பெனி சரக்கை ஏற்றியதற்குக் கொடுக்கும் பி.எல். பத்திரத்தில் ஏற்றிய துறைமுகம் இருக்கும், அதைப் பாருங்கள். ஆனால் அது ஏறிய இடம்தான். எங்கே செய்தது என்று தெரிய வேண்டுமானால், இறக்குமதி செய்தவரிடம் உற்பத்தி நாட்டுச் சான்றிதழைக் கேளுங்கள்.